தாலி கட்டும் நேரத்தில் ஆட்டோஃபோகஸை நம்பலாமா?

போன வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மண்டபத்தில் நான் எடுத்த கல்யாண வீடியோவில், சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் நாலு நொடிக்குப் பெண்ணின் முகமும் கழுத்தும் மங்கலாக இருக்கிறது. அந்த நாலு நொடியில் பளிச்சென்று தெரிவது பின்னால் நின்ற மாப்பிள்ளையின் அக்கா. மூன்றாவது முடிச்சு போடக் காத்திருந்தவர். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் எழுந்தார்கள், முன்வரிசையிலிருந்து ஒருவர் அட்சதை போடக் கையை நீட்டினார், அந்தக் கை ஃபிரேமின் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் வந்து போனது, அதே சமயம் பெண் தலையைக் குனிந்தாள். கேமரா முதலில் கைக்குப் போனது, அப்புறம் குனிந்த முகத்தை அடையாளம் காண முடியாமல் அடுத்துக் கிடைத்த முகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

பெண்ணின் அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த இடம் மட்டும் கொஞ்சம் கலங்கலா இருக்கே" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஃபோகஸ் போன காட்சியை எடிட்டிங்கில் மீட்டெடுக்க வழியில்லை, இரண்டாவது கேமராவின் வைடு ஷாட்டை அந்த இடத்தில் வைத்தேன். ஆனால் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது மகளின் முகம்.

வீட்டுக்கு வந்து மெனுவைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கேமரா பழுதில்லை. இரண்டு செட்டிங், இரண்டு வேறு வேறு வேலைகளுக்காக நான் மாற்றியவை, ஒன்றோடொன்று சேர்ந்து அன்றைக்கு அப்படி நடந்துவிட்டது. இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் கல்யாணம் எடுக்கிற நிறைய பேர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வீடியோ ஆட்டோஃபோகஸில் கேமரா இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் கேள்வி: இப்போது பிடித்திருக்கும் ஆளை விட்டு வேறு ஒன்றுக்குப் போகலாமா, வேண்டாமா? இரண்டாவது: போவது என்று முடிவானால் எவ்வளவு வேகத்தில் போவது? சோனியில் முதலாவதற்கு `AF Subj. Shift Sens.` என்று பெயர், 1 முதல் 5 வரை. 1 என்றால் பிடித்ததை விடாது, 5 என்றால் புதிதாக எது வந்தாலும் உடனே தாவும். இரண்டாவதற்கு `AF Transition Speed`, 1 முதல் 7 வரை, எண் கூடக் கூட வேகம் கூடும். கேனனில் இதே ஜோடி `Movie Servo AF track sensitivity`, `Movie Servo AF speed` என்று இருக்கும். மற்ற கம்பெனி கேமராக்களிலும் பெயரும் எண்ணும் மாறினாலும், கேள்வி இந்த இரண்டுதான்.

அன்றைக்கு என் கேமராவில் முதலாவது தாவும் பக்கத்துக் கடைசியில் இருந்தது. முந்தின வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் ஓடுகிற குழந்தைகளை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டுமென்று நானே வைத்தது. வேகமோ மெதுவான பக்கத்தில் இருந்தது. அது அதற்கும் முன்னால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்காக வைத்தது, ஃபோகஸ் சங்கிலிருந்து முகத்துக்கு நிதானமாக நகர்ந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கை குறுக்கே வந்ததும் கேமரா உடனே முடிவெடுத்துவிட்டது, ஆனால் மெதுவாக நடந்து போனது, அங்கிருந்து மெதுவாகவே திரும்பியது. கை ஃபிரேமில் இருந்தது ஒரு நொடிதான். போகவும் வரவும் நடுவில் அக்காவிடம் நிற்கவுமாக மீதி மூன்று நொடியைத் தின்றது அந்தக் கலவை.

அதனால் நான் இப்போது முதலில் சொல்வது, ஷூட்டுக்குக் கிளம்பும் முன்னால் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கள், ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். கல்யாணத்துக்கு எனக்குச் சரியாக வருவது: விடாத பக்கம், ஆனால் வேகம் நடுவுக்கு மேலே. சோனிக் கணக்கில் சொன்னால் தாவும் எண் 2, வேகம் 5. குறுக்கே கை வந்தால் பொறுத்துக்கொள்ளும், பெண் எழுந்து நடந்தால் பின்தங்காது.

இந்த எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம், உங்கள் கேமராவில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் செய்தது இதுதான். அக்கா மகனை நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் தள்ளி ட்ரைபாட் போட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற அதே லென்ஸைப் போட்டு ரெக்கார்டிங்கை ஓட விட்டேன். என்னோடு வேலைக்கு வருகிற பையன் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நடுவில் குறுக்கே காட்டினான், முதலில் சட்டென்று, அப்புறம் ஒரு நொடி, அப்புறம் இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே. எண்ணுகிற குரல் வீடியோவிலேயே பதிவாகிவிடுவதால், எத்தனையாவது எண்ணில் ஃபோகஸ் தட்டுக்குப் போகிறது என்று பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். தாவும் எண் கடைசியில் இருக்கும்போது தட்டு நுழைந்த கணமே போய்விட்டது. 2-ல் வைத்தபோது இரண்டு நொடி வரை அக்கா மகனின் முகத்திலேயே நின்றது.

ஆனால் அந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரிந்தது, எனக்கு அதுதான் முக்கியம். தட்டை அவன் நாலைந்து நொடி அப்படியே பிடித்திருந்தபோது விடாத பக்கத்திலும் ஃபோகஸ் தட்டுக்குப் போனது. போன பிறகு தட்டை எடுத்தால் உடனே முகத்துக்குத் திரும்பவில்லை, கொஞ்சம் தயங்கியது. விடாப்பிடி என்பது சரியான ஆளிடம் மட்டும் இல்லை, தவறான ஆளிடமும் விடாப்பிடிதான். கேமராவுக்கு யார் சரியான ஆள் என்று தெரியாது. எண்ணை எவ்வளவு நுணுக்கமாக மாற்றினாலும் இந்த ஒன்று மாறாது.

தாலி கட்டுகிற நேரம் இதற்கு எவ்வளவு மோசமான இடம் என்று யோசித்துப் பாருங்கள். பெண் குனிகிறாள், நெற்றிச்சுட்டியும் பூவும்தான் கேமராவுக்குத் தெரிகிறது, முகம் தேடுகிற வசதிக்குக் கண்ணும் மூக்கும் கிடைப்பதில்லை. மாப்பிள்ளையின் இரண்டு கையும் கழுத்துக்கு முன்னால் வருகின்றன. பின்னால் குறைந்தது நாலு முகம் கேமராவையே பார்த்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில். ஹோமப் புகை வேறு. இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது phase detection முறை, முகத்தைக் குறிக்கிற face இல்லை, அதாவது லென்ஸின் இரண்டு பக்கத்திலிருந்து வருகிற இரண்டு பிம்பங்களை ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று கணக்குப் போடும். ஒப்பிடுவதற்குக் கோடும் ஓரமும் வேண்டும். புகை அவற்றைக் கரைத்துவிடுகிறது, கணக்கு தடுமாறுகிறது, லென்ஸ் முன்னும் பின்னும் தேட ஆரம்பிக்கிறது. புகையில் எடுத்த காட்சியில் பின்னணி விளக்குகள் பெரிதாகிச் சிறிதாகி மூச்சு விடுவதுபோல் ஆடினால் அதுதான் காரணம்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. இத்தனை குழப்பத்திலும் மாறாத ஒன்று தூரம். பெண் மணவறையில் மனையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் ட்ரைபாடோடு ஒரே இடத்தில் நிற்கிறேன், தாலி அவள் கழுத்தில்தான் ஏறப்போகிறது. எங்கே ஃபோகஸ் வேண்டும் என்று பத்து நிமிடம் முன்னாலேயே எனக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாத ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும்போது அதன் முடிவுக்கு விட என்ன அவசியம்? அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முகூர்த்தத்தை நான் மேனுவலில்தான் எடுக்கிறேன்.

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம் எடுத்தேன், அதில் செய்ததை அப்படியே சொல்கிறேன். மேடையிலிருந்து மூன்று மீட்டரில் ட்ரைபாட், லென்ஸ் 85 மி.மீ., ஃபுல் ஃபிரேம் கேமரா. இந்த லென்ஸை f/1.8-ல் திறந்து வைத்தால் மூன்று மீட்டரில் ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் 13 செ.மீ., ஒரு சாணுக்கும் குறைவு. படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பெண் குனிவதே அந்த அளவுக்கு வந்துவிடும். f/4-க்கு மூடினால் ஆழம் ஏறக்குறைய ஒரு அடியாகிறது, அதாவது முன்னால் அரை அடி, பின்னால் அரை அடி. f/5.6-க்குப் போனால் சுமார் 42 செ.மீ. நான் f/5.6 வைத்தேன். வெளிச்சம் குறைந்ததற்கு ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டேன். கொஞ்சம் நாய்ஸ் வரும், வரட்டும், நாய்ஸை எடிட்டிங்கில் குறைக்கலாம், ஃபோகஸை ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஆழக் கணக்கெல்லாம் வழக்கமான அளவுகோலில் போட்டது, 4கே படத்தைப் பெரிய டிவியில் பார்த்தால் இதில் பாதிதான் உண்மையில் கூர்மையாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

பெண் கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் ஃபோகஸ் வைக்க வேண்டும். எதன் மேல்? கழுத்தில் வைக்கலாம் என்றால் மாலை முன்னால் நிற்கிறது, மாலையில் பிடித்தால் கழுத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். மூக்குத்தியும் அப்படியே, முன்னால் துருத்திக்கொண்டு இருக்கிறது. நான் ஜிமிக்கியில் வைக்கிறேன். காது முன்கழுத்துக்கும் பின்கழுத்துக்கும் நடுவில் வருகிற இடம், முடிச்சு விழப்போவது பின்கழுத்தில், மாப்பிள்ளையின் கை வருவது இந்த இரண்டுக்கும் இடையில். ஆழத்தை முன்னும் பின்னும் பங்கிட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதோடு ஜிமிக்கியில் சின்னச் சின்ன ஓரங்கள் நிறைய, ஃபோகஸ் வந்ததா என்று கண்ணுக்கே தெரியும்.

வைப்பதற்கு ஆட்டோஃபோகஸையே பயன்படுத்துங்கள், அதில் தப்பில்லை. சின்னப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஜிமிக்கியில் பிடித்து, பிடித்ததும் லென்ஸில் இருக்கும் சுவிட்சை MF-க்குத் தள்ளிவிட வேண்டும். பிறகு திரையைப் பெரிதாக்கி ஜிமிக்கியின் தொங்கு மணிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் ரிங்கைத் தொட்டாற்போல் திருப்பிச் சரி செய்வேன். அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

பீக்கிங் என்கிற வண்ணக்கோடு வசதியை நிறைய பேர் முழுதாக நம்புகிறார்கள், கல்யாணத்தில் அது ஏமாற்றும். பீக்கிங் ஃபோகஸை அளப்பதில்லை, எங்கே ஒளி இருட்டு வித்தியாசம் அதிகமோ அங்கே வண்ணம் பூசுகிறது. பட்டுப் புடவையின் ஜரிகை விளக்கில் மின்னுவதால், ஃபோகஸ் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் ஜரிகை முழுக்க வண்ணம் ஏறிவிடும், முகத்திலோ சரியான ஃபோகஸில்கூட ஒன்றும் தெரியாது. அளவைக் குறைவான நிலையில் வைத்தால் ஓரளவு சரியாகும். நிறம் இன்னொரு தொல்லை. அரக்குக் கூறையில் சிவப்புக் கோடு தெரியாது, ஜரிகையில் மஞ்சள் தெரியாது, மல்லிகையில் வெள்ளை தெரியாது. நான் நீலத்தில் வைத்திருக்கிறேன். எப்படியும் கடைசி முடிவு பெரிதாக்கிப் பார்ப்பதில்தான்.

அப்புறம் மேனுவலுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு, இவற்றில் முதல் இரண்டில் நான் நேரடியாக மாட்டியிருக்கிறேன்.

ஒன்று, பேட்டரி. இப்போதைய லென்ஸ்கள் பலவற்றில் ரிங் நேரடியாகக் கண்ணாடியைத் திருப்புவதில்லை, உள்ளே மோட்டாருக்குக் கட்டளை அனுப்புகிறது, அவ்வளவுதான். கேமராவை அணைத்தாலோ அதுவாகத் தூங்கிப்போனாலோ, திரும்ப எழும்போது பல லென்ஸ்கள் வேறு இடத்தில் வந்து நிற்கும். ஃபோகஸ் வைத்த பிறகு பேட்டரி மாற்றினால் வைத்தது போயிற்று. அதனால் முதலில் புது பேட்டரி, அப்புறம் ஃபோகஸ், தானாக அணைகிற நேரத்தையும் நிறுத்திவிட வேண்டும். சில கேமராக்களில் ஃபோகஸ் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனாலும் மாற்றிய பிறகு ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

இரண்டு, ஜூம். போட்டோவுக்காகச் செய்த ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் ஜூம் மாறும்போது ஃபோகஸைக் கட்டிக் காப்பதில்லை. 70-ல் ஃபோகஸ் வைத்துவிட்டு 120-க்கு இழுத்தால் ஃபோகஸ் நழுவியிருக்கும், ஆட்டோவில் இருந்தால் கேமரா சத்தமில்லாமல் சரிசெய்துகொள்வதால் நமக்கு இதுவரை தெரியாமலே போயிருக்கும். அதனால் ஃபிரேமை முதலில் முடிவு செய்துவிட்டு அதன் பிறகுதான் ஃபோகஸ் வைக்கிறேன். முகூர்த்தம் முடியும் வரை ஜூமைத் தொடுவதில்லை.

மூன்றாவது, பெண் நாம் நினைத்ததைவிட அதிகமாக நகர்வது. சில பெண்கள் லேசாகத் தலைகுனிவார்கள், சிலர் இடுப்போடு முன்னால் சாய்வார்கள். மஞ்சக்குப்பத்தில் அப்படித்தான் நடந்தது, ஐயர் ஏதோ சொல்லப் பெண் நன்றாக முன்னால் வந்துவிட்டாள். f/5.6 தந்த இடம் தாங்கியது. f/2-ல் இருந்திருந்தால் நான் ரிங்கைத் திருப்ப வேண்டியிருந்திருக்கும், எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள் தாலி ஏறியிருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் மேனுவலில் முகூர்த்தம் எடுத்தால் ரிங்கைத் திருப்பித் துரத்துவதை நம்பாமல் ஆழத்தை நம்புவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வைடு கேமராவுக்கு இந்தக் கவலையே கிடையாது. 35 மி.மீ. லென்ஸ், f/4, மூன்று மீட்டர் என்றால் ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் மேலே போகிறது, பெண், மாப்பிள்ளை, பின்னால் நிற்கிற நாத்தனார் வரை உள்ளே வந்துவிடுவார்கள். காலையிலேயே மேனுவலில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

எல்லாவற்றையும் மேனுவலில் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் கிம்பலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்துகொண்டே எடுக்கிறோமே, அங்கே மேனுவல் எடுபடாது. இரண்டு மீட்டரில் 35 மி.மீ. f/2 என்றால் ஆழம் சுமார் 40 செ.மீ., ஆளும் நகர்கிறார், நானும் நகர்கிறேன், ஓர் எட்டு முன்னே பின்னே ஆனாலே போயிற்று. அந்த வேலையை முகம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் என்னைவிட நன்றாகச் செய்கிறது. பாண்டியில் ரிசப்ஷன்களில் பெண் பாட்டுக்கு ஆடிக்கொண்டே மேடைக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதுவும் ஆட்டோதான், தாவும் எண் குறைவாக, வேகம் கூடுதலாக, 6 வரைக்கும்கூட. யாரை எடுக்கிறோம் என்பதில் சந்தேகம் இல்லாமல், தூரம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் கேமராவிடம் விடலாம். தூரம் தெரிந்திருந்து, யார் என்பதில் கேமரா குழம்பும் என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். இப்படிப் பிரித்துவைத்த பிறகு எந்தச் சடங்குக்கு எது என்று முந்தின நாளே எழுதிவைத்துவிட முடிகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் ஹோல்டு பட்டன் இருந்தால், ஆட்டோவிலேயே இருந்துகொண்டு அதை அழுத்திப் பிடித்திருக்கிற வரை ஃபோகஸ் அசையாமல் நிற்கும், விட்டால் திரும்ப ஆட்டோ. மாலை மாற்றும்போது இதுதான் எனக்குக் கைகொடுக்கிறது. மாலை முகத்துக்கு முன்னால் வருகிற அந்த ஒரு கணம் அழுத்துகிறேன், மாலை தோளில் விழுந்ததும் விட்டுவிடுகிறேன். கட்டைவிரல் பழகக் கொஞ்ச நாள் ஆகும். ட்ரைபாடில் வைத்து எடுக்கும்போது அழுத்துகிற அழுத்தத்தில் ஃபிரேம் ஆடுகிறது என்பதால் தாலி நேரத்துக்கு இதை வைத்துக்கொள்வதில்லை, அதற்குச் சுவிட்சுதான்.

கடைசியாக, திரும்ப மாற்றுவது. மூன்று முடிச்சும் விழுந்து, குங்குமம் வைத்து முடிந்ததும் இருவரும் எழுந்து அக்கினியைச் சுற்றி வருவார்கள், நாம் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சுவிட்ச் MF-லேயே இருந்தால் அந்த மூன்று சுற்றும் போய்விடும், பெரிதாகக் கலைந்து தெரியாமல் லேசான மங்கலாகப் போவதால் சின்னத் திரையில் கண்டுபிடிக்கவும் முடியாது. இதற்கு நான் என்னோடு வரும் பையனிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். குங்குமம் வைத்ததும் அவன் என் காதோரம் வந்து, "அண்ணே, சுவிட்ச்" என்று சொல்ல வேண்டும். மேளச் சத்தத்தில் கேட்காது என்பதால் இப்போது தோளிலும் தட்டுகிறான்.